உங்களுக்குத் தெரியுமா? தீபாவளி மெயில் யாருக்குப் போகணும்?

முதல் விளம்பர மெயிலே ஆள் பார்த்து அனுப்பியதுதான்!

1978 மே மாதம். அமெரிக்காவில் டி.இ.சி. என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்தவர் கேரி துர்க். புதுக் கணினியைக் காட்டுவதற்காக லாஸ் ஏஞ்சலீஸிலும் சான் மத்தேயோவிலும் கூட்டம் வைத்தார். இரண்டும் மேற்குக் கரை ஊர்கள். எனவே ஆர்ப்பாநெட் பயனர்களின் அச்சடித்த முகவரிப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்து ஆட்களாகப் பார்த்து சுமார் 400 பேரைப் பொறுக்கி ஒரே மெயிலை அனுப்பினார். முகவரிகள் உரிய கட்டத்தில் அடங்காமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்தன. நல்ல திட்டும் வாங்கினார். ‘ஸ்பாமின் தந்தை’ என்ற பட்டம் இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் பார்த்துப் பிரித்தவர், கேட்டவரா கேட்காதவரா என்று பிரிக்கவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் பட்டியலைவிட பில் புத்தகத்துக்கு அதிகம் தெரியும்

கும்பகோணத்தில் ஒரு பட்டுக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடையில் 6,000 மெயில் முகவரிகள் இருக்கின்றன. இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆறாயிரம் பேருக்கும் ‘அனைத்துக்கும் 15% தள்ளுபடி’ என்று ஒரே மெயிலைத் தட்டிவிடலாம். பெரும்பாலான கடைகள் அதைத்தான் செய்கின்றன.

அதைவிட்டுப் பிரிக்க உட்காருபவர்கள் வயது, ஆணா பெண்ணா, வேலை என்ன என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். அதெல்லாம் பிறகு. ஒருவர் என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், பார்சல் எந்த ஊருக்குப் போனது என்ற மூன்றும் பில்லிலேயே இருக்கின்றன. முக்கால்வாசிப் பிரிப்பு இதிலேயே முடிந்துவிடும்.

‘அக்டோபர் பில்’ என்று ஃபில்டர் போட்டால் தீபாவளி கிடைக்காது

பண்டிகை ஓடிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம். தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அக்டோபர் மாதத்தை மட்டும் எடுத்தால் 2023-ன் கடைசி நேரக் கூட்டம் முழுவதும் விட்டுப்போகும். 2025-லோ, பண்டிகை முடிந்து பத்து நாள் கழித்து வந்தவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். ரம்ஜான் இன்னும் வேகமாக நகரும். ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே மாதத்தைப் பார்க்காமல், பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜவுளிக்கு 45 நாள் சரியாக இருக்கும். எக்ஸெலில் `Bills` என்ற தாளில் B பத்தி மெயில் முகவரி, D பத்தி பில் தேதி என்றால், வாடிக்கையாளர் தாளில் A2-ல் இருப்பவர் 2024 தீபாவளிக்கு எத்தனை முறை வாங்கினார் என்பதை இந்த வரி சொல்லும்:

```
=COUNTIFS(Bills!B:B,A2,Bills!D:D,">="&DATE(2024,9,16),Bills!D:D,"<="&DATE(2024,10,31))
```

2023-க்கு செப்டம்பர் 28 முதல் நவம்பர் 12 வரை. 2025-க்கு செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 20 வரை. ஆனால் 2025-ல் திருவோணமே செப்டம்பர் 5-ல்தான் வந்தது. கேரளப் பின்கோடுக்கு அந்த முதல் ஒன்றிரண்டு நாளில் போன பில்களைத் தீபாவளிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இடது பக்கம் ஒட்டிய தேதியைக் கண்டால் உஷார்

மேலே உள்ள வரி எல்லோருக்கும் சொல்லிவைத்தாற்போல் 0 காட்டினால் வரியில் பிழை இல்லை, தேதியில்தான் பிழை. பில்லிங் மென்பொருளிலிருந்து இறக்கும்போது 25/10/2024 என்பது தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகத் தங்கிவிடும். எக்ஸெலில் தேதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இதைவிட மோசமானது 05/10/2024. அமெரிக்க முறையில் அமைந்த கணினி அதை மே 10 என்று எடுத்துக்கொண்டு, சாதுவாக வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 12 வரையிலான தேதிகள் வலப்பக்கமும் 12-க்கு மேற்பட்டவை இடப்பக்கமும் கிடந்தால், இந்தக் கோளாறுதான்.

பெயரைப் பார்த்துப் பண்டிகையை முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்

‘ஜோசப்புக்குக் கிறிஸ்துமஸ் மெயில், ரஹ்மானுக்கு ரம்ஜான் மெயில்’ என்று பிரிப்பது சுலபம், தப்பும் அதுதான். ஜோசப் தன் பட்டறையில் வேலை செய்யும் இருபது பேருக்குத் தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பவராக இருக்கலாம். மூன்று ஆண்டுப் பில்லில் அது பளிச்சென்று தெரியும், பெயரில் தெரியாது. எந்தப் பண்டிகைக்கு முன்னால் வாங்கினாரோ அந்தப் பண்டிகையின் ஆஃபரை அனுப்புங்கள். அவருடைய மதம் என்ன என்று கடைக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

புதிதாகச் சேர்பவர்களிடம் ‘எந்தப் பண்டிகைக்கு எழுதலாம்?’ என்று கேட்டு, நாலைந்து கட்டங்களில் டிக் அடிக்கச் சொன்னால் போதும். இந்தியாவின் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்கு என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கச் சொல்கிறது. பில் போடும்போது ‘மெயில் ஐடி சொல்லுங்க சார்’ என்று வாங்கியதை விளம்பரத்துக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தலை தீபாவளியை மூன்று மாதம் முன்பே கணிக்கலாம்

ஜவுளிக்கடையின் பட்டியலில் தங்கமான பிரிவு எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். போன தீபாவளிக்குப் பிறகு, தையிலிருந்து ஆவணி வரை, முகூர்த்தப் பட்டு எடுத்த பில்கள். அந்த வீடுகளில் வருவது தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி, சட்டை, பெண்ணுக்குப் புடவை, சம்பந்தி வீட்டுக்கு மரியாதை என்று ஒரே பில்லில் நாலைந்து உருப்படி போகும். தள்ளுபடியைவிட அவர்கள் எதிர்பார்ப்பது, எல்லாம் ஒரே இடத்தில், வேளைக்குக் கிடைக்கவேண்டும் என்பதைத்தான்.

அந்தப் பில்லை எப்படிக் கண்டுபிடிப்பது? ‘முகூர்த்தம்’ என்று எந்தக் கடையும் பில்லில் அடிப்பதில்லை. ஒரே வாரத்தில், ஒரே போன் நம்பரில், வழக்கத்தைவிடப் பல மடங்கு பெரிய தொகை, அதில் ஒன்றிரண்டு விலையுயர்ந்த பட்டு, கூடவே பத்துப் பதினைந்து சாதாரணப் புடவை, வேட்டித் துண்டு. கல்யாண ஜவுளியின் முகம் இதுதான். கவுண்டரில் இருப்பவரை ‘கல்யாணம்’ என்று ஒரு குறி மட்டும் போட்டுவைக்கச் சொன்னால் அடுத்த ஆண்டு இந்தத் துப்பறியும் வேலையும் மிச்சம்.

சிக்கல் இனிமேல்தான். பில்லில் இருப்பவர் பெண் வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா? பல சமூகங்களில் கூறைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். தலை தீபாவளிக்கு அழைத்து உடை எடுத்துக் கொடுப்பவர்கள் பெண் வீட்டார். ‘உங்கள் மாப்பிள்ளைக்கு…’ என்று மெயில் ஆரம்பித்து, அது மாப்பிள்ளையின் அப்பாவுக்கே போய்ச் சேர்ந்தால் கடையை வைத்து ஒரு வாரம் சிரிப்பார்கள். ‘வீட்டில் தலை தீபாவளியா?’ என்று பொதுவாகக் கேட்டு நிறுத்திக்கொள்வதே உத்தமம். ஆமாம் என்பவர் சுட்டியைத் தட்டுவார். தட்டியவருக்கு மட்டும் அடுத்த மெயிலில் விவரமாக எழுதுங்கள்.

புடவை மெயிலின் கடைசித் தேதியைத் தையற்காரர்தான் தீர்மானிக்கிறார்

தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே ‘ஆர்டர் முடிந்தது’ என்று போர்டு மாட்டாத டெய்லர் கடை எந்தத் தெருவில் இருக்கிறது? ரவிக்கை தைக்கணும், ஃபால்ஸ் வைக்கணும், குஞ்சம் கட்டணும். நவம்பர் 8 தீபாவளிக்கு அக்டோபர் 25-ம் தேதி வரும் பட்டுப்புடவை ஆஃபர் ஏறக்குறைய பொங்கலுக்கு வரும் ஆஃபர்தான்.

எனவே வாங்கும் பொருளை வைத்து ஒரு பிரிவு. புடவை வாங்குபவர்களுக்கு செப்டம்பர் கடைசியில் முதல் மெயில், அக்டோபர் முதல் வாரத்தில் நினைவூட்டல், அத்தோடு சரி. வேட்டி, ரெடிமேட் சட்டை, குழந்தைகள் உடை வாங்குபவர்களுக்கு அக்டோபர் கடைசி வரை நேரம் இருக்கிறது. சம்பளம் வந்த கையோடு, மாதத்தின் முதல் வாரத்தில் மட்டுமே வாங்கும் ஒரு கூட்டம் பில் தேதியில் தெரியும். இந்த ஆண்டு அவர்களுக்கு நவம்பர் 1 காலை எழுதலாம், ஆனால் ‘கடைக்கு வாருங்கள்’ என்று எழுதுங்கள். அதற்குமேல் கூரியரை நம்ப முடியாது.

பின்கோடின் முதல் இரண்டு எண் போதும்

1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான ஆறு இலக்கப் பின்கோடு, மெயில் பிரிப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த வரப்பிரசாதம். 60 முதல் 64 வரை தமிழ்நாடு, புதுச்சேரியும் காரைக்காலும் இதற்குள்ளேயே அடக்கம். 67 முதல் 69 வரை கேரளம். எக்ஸெலில் `=LEFT(F2,2)` என்று ஒரு வரி, முடிந்தது. உள்ளூர், பக்கத்து மாநிலம், தூரம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ‘இந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் பண்டிகைக்கு முன் வரும்’ என்று தனித்தனித் தேதி போடுங்கள்.

ஒரு பொறி மட்டும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் கட்டுகிறார், பார்சல் மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவுக்குப் போகிறது. இவரை ‘வெளிநாடு’ பிரிவில் போட்டு, செப்டம்பரிலேயே ‘கடைசி நாள்’ என்று எழுதினால் வருகிற ஆர்டரையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். பணம் கட்டும் ஊரை விட்டுவிட்டு, பார்சல் இறங்கும் ஊரைப் பாருங்கள்.

எப்படியும் வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுப்பது தானம்

நம் கும்பகோணம் கடைக்கு வருவோம். மூன்று தீபாவளிக் கணக்கும் போட்ட பிறகு இப்படிப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு தீபாவளிக்காவது வாங்கியவர்கள் 700, ஒரு தீபாவளிக்கு வாங்கியவர்கள் 1,500, கல்யாணத்துக்கு மட்டும் வந்தவர்கள் 1,300, ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் தலைகாட்டுபவர்கள் 900, இரண்டு ஆண்டுக்கு மேல் எதுவுமே வாங்காதவர்கள் 1,600.

ஆடிக்காரர்களுக்குத் தள்ளுபடி இல்லாமல் எழுதிப் பயனில்லை. கல்யாணக்காரர்களைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. யோசிக்கவேண்டியது அந்த 700 பேரைப் பற்றி. அவர்கள் வழக்கமாக வருபவர்கள். 6,000 ரூபாய்ப் புடவைக்கு 15% என்றால் ஆளுக்கு 900 ரூபாய். அந்த 900 ரூபாய்தான் அவர்களை வரவழைத்ததா, இல்லை இரண்டு முறை வந்ததுபோல் இந்த முறையும் அவர்களாகவே வந்தார்களா?

கண்டுபிடிக்க ஒரே வழிதான். 700 பேரில் கண்ணை மூடிக்கொண்டு 100 பேரை ஒதுக்குங்கள். ஒரு பத்தியில் `=RAND()` போட்டு வரிசைப்படுத்தி முதல் நூறை எடுத்தால் கண்ணை மூடியதற்குச் சமம். இந்த நூறு பேருக்குத் தள்ளுபடி இல்லாமல் ‘புதுச் சரக்கு வந்திருக்கிறது, முதலில் உங்களுக்குக் காட்டுகிறோம்’ என்ற மெயில் மட்டும். மீதி 600 பேருக்கு அதே மெயில், தள்ளுபடியோடு. பண்டிகை முடிந்ததும் நூறில் 28 பேர் வாங்கியிருக்கிறார்கள், அறுநூறில் 174 பேர் என்று வையுங்கள். அதாவது 28 சதவீதமும் 29 சதவீதமும். நூறு பேரை வைத்துப் பார்க்கும்போது ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. ஆக, 174 பேருக்குக் கொடுத்த 1,56,600 ரூபாய்க்குக் கடை பெற்றதாகத் தெரிவது ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு இவர்களுக்கு ‘முதலில் பார்க்கும் உரிமை’ போதும்.

இந்தக் கணக்கில் பலர் கோட்டை விடுவது கவுண்டரில். மெயிலைப் பார்த்துவிட்டு நேரில் வந்து வாங்குபவர், பில்லில் போன் நம்பர்தான் சொல்வார். மெயிலையும் பில்லையும் போன் நம்பரால்தான் கோக்க முடியும். ஒரு பக்கம் +91, இன்னொரு பக்கம் முன்னால் 0, நடுவில் இடைவெளி என்று எழுதிவைத்திருந்தால் கோக்காது. இரண்டு பக்கமும் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(C2," ",""),10)
```

திங்களன்று வாங்கியவருக்கு வியாழனன்று தள்ளுபடி மெயில்

போன தீபாவளிக்கு எனக்கே நடந்தது. முழு விலை கொடுத்து ஒரு புடவை ஆர்டர் செய்தேன். பார்சல் வருவதற்குள் அதே கடையிடமிருந்து மெயில் வந்தது. அதே புடவையின் படம், 20% குறைவு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, படத்தை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடைக்காரருக்கு என்மேல் விரோதமில்லை. செப்டம்பரில் எடுத்துவைத்த பட்டியலைத் தீபாவளி வரை அப்படியே ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால், முந்தைய மெயிலுக்குப் பிறகு வாங்கியவர்களைக் கழித்தாக வேண்டும்.

தூங்குபவர்களைத் தீபாவளி வாரத்தில் எழுப்பாதீர்கள்

அந்த 1,600 பேர் நினைவிருக்கிறதா? ‘ஒரு மெயில்தானே, போனால் போகிறது’ என்று அவர்களுக்கும் சேர்த்து அனுப்புவதில்தான் வினையே இருக்கிறது. ‘இது என்ன கடை, எப்போது வாங்கினோம்’ என்று மறந்தவர்தான் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலின் கணக்கு கறார்: ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கவேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. அதாவது ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர். தூங்குபவர்களில் ஒரு பத்துப் பதினைந்து பேர் எரிச்சலடைந்தால், வழக்கமாக வாங்கும் 700 பேரின் மெயிலும் ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடலாம். அதுவும் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்! கூகுளின் இலவச போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் இந்தச் சதவீதத்தைப் பார்க்கலாம்.

ஒரே நாளில் 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதினால் நீங்கள் ‘மொத்தமாக அனுப்புபவர்’ ஆகிவிடுகிறீர்கள். ஒரு முறை அந்தப் பட்டியலில் ஏறினால் இறங்குவது கிடையாது. அதன்பிறகு SPF, DKIM, DMARC மூன்றும் ஒழுங்காக இருக்கவேண்டும், ஒரே தட்டலில் விலகும் வசதியும் இருந்தாகவேண்டும். இவை எப்படியும் செய்யவேண்டியவைதான். ஆனால் பண்டிகை அவசரத்தில் இவற்றைச் செய்துகொண்டிருக்க முடியாது.

தூங்குபவர்களை ஆடியில் எழுப்புங்கள். அப்போதும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

‘மெயிலைத் திறந்தார்’ என்பதை நம்பிப் பிரிக்காதீர்கள்

2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, அதில் வந்த தனியுரிமை வசதியை இயக்கியவர்களின் ஆப்பிள் மெயில், படிக்காத மெயிலின் படங்களையும் தானே இறக்கிக்கொள்கிறது. உங்கள் அறிக்கையில் அது ‘திறந்தார்’ என்றே பதிவாகும். ஐபோன்காரர்கள் எல்லோரும் உங்கள் பரம ரசிகர்கள் என்று தோன்றினால் காரணம் இதுதான். சுட்டியைத் தட்டியதும் பில் போட்டதும் மட்டும்தான் நிஜம்.

தீபாவளி இல்லாத வீடுகளுக்கும் ஒரு பிரிவு வேண்டும்

பிரிட்டனில் ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற பூ விற்கும் நிறுவனம் 2019-ல் அன்னையர் தினத்துக்கு முன் தன் வாடிக்கையாளர்களிடம், ‘இந்த மெயில்கள் உங்களுக்கு வேதனை தருமென்றால் சொல்லுங்கள், அனுப்பமாட்டோம்’ என்று கேட்டது. அம்மாவை இழந்தவர்கள் போன்றோருக்காகச் செய்த ஏற்பாடு. மற்ற மெயில்கள் வழக்கம்போல் வரும்.

நமக்கு இது இன்னும் பொருந்தும். துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை கிடையாது. எனவே செப்டம்பர் கடைசியில் போகும் முதல் மெயிலிலேயே ஒரு வரி சேருங்கள்: ‘இந்த ஆண்டு பண்டிகை மெயில்கள் வேண்டாம்’. தட்டியவரிடம் காரணம் கேட்கக் கூடாது. தீபாவளியோடு நிறுத்தாமல் பொங்கலுக்கும் சேர்த்து, ஓராண்டுக்கு அந்தக் குறி இருக்கவேண்டும், அதன்பின் தானாகவே நீங்கவேண்டும். முக்கியமாக, அதே குறி வாட்ஸ்அப் பட்டியலுக்கும் எஸ்.எம்.எஸ். பட்டியலுக்கும் போகவேண்டும்.

என் சித்தப்பா காலமான ஆண்டு, ஒரு கடையிலிருந்து அவர் பெயரிலேயே மெயில் வந்துகொண்டிருந்தது, ‘உங்கள் குடும்பத்தோடு கொண்டாடுங்கள்’ என்று. கணக்கு வழக்குக்காக அவருடைய மெயிலைத் தினமும் திறந்துகொண்டிருந்த சித்தி, ஒருநாள் போனை என்னிடம் நீட்டி, ‘இதை எப்படிப்பா நிறுத்துறது?’ என்று கேட்டார். விலகும் சுட்டி அடியில் இருந்தது. ஆங்கிலத்தில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். எனக்கே அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.